எஸ்.ஓ.பி.யின் முதல் பத்தியில் முடியாத ஒரு கேள்வி

சைபர் செக்யூரிட்டி முதுகலைக்கு எஸ்.ஓ.பி. எழுதும் நெட்வொர்க் இன்ஜினியரா? சான்றிதழ் பட்டியலோடு தொடங்காதீர்கள். நீங்கள் செய்த ஒரே ஒரு வேலையையும், அது முடிந்த பிறகும் பாக்கி நின்ற கேள்வியையும் முதல் பத்தியில் வையுங்கள்.

உதாரணமாக: "அலுவலக சுவிட்சுகளில் 802.1X கொண்டுவந்தபோது, அதை ஆதரிக்காத பழைய பிரின்டர்களை மேக் முகவரி பார்த்து அனுமதித்தேன். அந்த முகவரியை ஒரு லேப்டாப்பும் போலியாகக் காட்டலாம் என்பதால், பிரின்டர்களைத் தனி விலானில் போட்டு, பிரின்ட் சர்வரோடு மட்டும் பேசவிட்டேன். அப்படியும் ஒரு போலி பிரின்டர் நுழைந்தால், டிராஃபிக்கை வைத்து அதை எப்படிக் கண்டுபிடிப்பது?"

சான்றிதழ்கள் ரெஸ்யூமேயிலேயே இருக்கின்றன. உங்களுக்கு எதுவரை தெரியும், எங்கே நின்றீர்கள் என்பதை இந்தக் கேள்விதான் காட்டும். ஊடுருவலைக் கண்டறியும் பாடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற அடுத்த பத்தியும் இதிலிருந்தே பிறக்கும். "செய்தோம்" என்று பொதுவாக எழுதினால் உங்கள் பங்கு மறைந்துவிடும், கவனம்.

பல்கலைக்கழகம் தனித்தனிக் கேள்விகள் கொடுத்திருந்தால் இது பொருந்தாது. அந்த வரிசையிலேயே பதில் எழுதுங்கள். இன்னும் சரிசெய்யப்படாத ஓட்டை என்றால் அந்தச் சம்பவத்தைத் தொடவே வேண்டாம், வேறொன்றை எடுங்கள்.