ஜிஎஸ்டி பதிவு எப்போது கட்டாயமாகிறது? சிறு வணிகர்கள் கணக்கில் செய்யும் தவறுகள்

தமிழ்நாட்டில் பொருள்களை மட்டும் விற்கும் ஒரு வணிகரின் மொத்த விற்றுமுதல், ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஒரு நிதியாண்டுக்குள் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் அவர் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்த எல்லை இன்று கடைத்தெருவில் பெரும்பாலோருக்குத் தெரியும். ஆனால் அந்த 40 லட்சத்தில் எவையெல்லாம் சேரும், அந்த எல்லை உண்மையில் தமக்குப் பொருந்துமா, தாண்டிய நாள் எது என்ற மூன்று கேள்விகளில்தான் வணிகர்கள் தவறுகிறார்கள். அந்தத் தவறு பல மாதங்கள் கழித்து அறிவிப்பாக வந்து சேரும்போது, வாடிக்கையாளரிடம் வாங்காத வரியைக் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டிய நிலை ஏற்படுகிறது.

மிகப் பரவலான தவறு, வரி உள்ள பொருள்களின் விற்பனையை மட்டும் கூட்டிப் பார்ப்பது. சில்லறையாக அளந்து விற்கும் அரிசி, பருப்பு, காய்கறி, பால் ஆகியவற்றுக்கு வரி இல்லை. ஆகவே அவை கணக்கில் வராது என்று பல மளிகைக் கடைக்காரர்கள் நம்புகிறார்கள். சட்டம் சொல்லும் மொத்த விற்றுமுதல் என்பது வரி உள்ள விற்பனை, வரிவிலக்குப் பெற்ற விற்பனை, ஏற்றுமதி, வெளிமாநில விற்பனை அனைத்தும் சேர்ந்தது. அதுவும் கடைக்குக் கடை தனித்தனியாக அல்ல. ஒரே பான் எண்ணில் நாடு முழுவதும் நடக்கும் எல்லாத் தொழிலையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பேருந்து நிலையத்தில் ஒரு கடையும் வீட்டு வாசலில் இன்னொரு கடையும் ஒருவர் பெயரிலேயே இருந்தால் இரண்டின் விற்பனையையும் கூட்ட வேண்டும். மனைவி தம் சொந்தப் பான் எண்ணில், தம் முதலீட்டில், தாமே நடத்தும் கடை தனிக்கணக்கு. ஆனால் எல்லைக்குக் கீழே நிற்பதற்காகவே ஒரே கல்லாவை இரண்டு பெயர்களில் பிரித்துக் காட்டினால், விசாரணையில் அது ஒரே தொழிலாகவே பார்க்கப்படும் அபாயம் உண்டு.

வரிவிலக்குப் பொருள்களை மட்டுமே விற்பவருக்குப் பதிவு தேவையில்லை என்ற விதியும் உண்மையே. சில்லறை அரிசியை மட்டும் விற்பவர் ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய்க்கு விற்றாலும் பதிவு பெற வேண்டியதில்லை. ஆனால் அந்த விதி ‘மட்டுமே’ என்ற சொல்லில்தான் நிற்கிறது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே பொதிந்து விவரம் அச்சிட்ட அரிசிப் பைக்கு 5 சதவீத வரி உண்டு. ஆண்டின் நடுவே 45 லட்சம் ரூபாய்க்குச் சில்லறை அரிசி விற்று முடித்த ஒருவர், அத்தகைய பைகளையும் கடையில் அடுக்கி விற்கத் தொடங்கினால், அந்த விலக்கு அவரை விட்டுப் போய்விடும். விற்றுமுதல் ஏற்கெனவே எல்லையைத் தாண்டி நிற்பதால், முதல் பை விற்ற நாளிலேயே பதிவு பெறும் கடமை வந்துவிடுகிறது. பைகளின் விற்பனை சில ஆயிரம் ரூபாய்தானே என்பது இங்கே எடுபடாது.

இரண்டாவது தவறு, 40 லட்சம் எல்லோருக்கும் பொதுவான எல்லை என்று எண்ணுவது. அது பொருள்களை மட்டும் விற்பவருக்கானது. சேவையும் சேர்ந்தால் எல்லை 20 லட்சமாகக் குறைகிறது. கைப்பேசிக் கடைக்காரர் பழுதுபார்ப்புக்குக் கூலி வாங்குவதும், மின்பொருள் விற்பவர் வயரிங் வேலை எடுத்துச் செய்வதும் சேவைகளே. பலர் நினைத்தும் பார்க்காத சேவை ஒன்று உண்டு: வாடகை. கடைக் கட்டடத்தின் மாடியைத் தம் பெயரில் இன்னொரு வணிகருக்கு வாடகைக்கு விட்டிருப்பவர், சட்டத்தின் பார்வையில் சேவையும் வழங்குகிறார். வங்கி வைப்பு, கடன் ஆகியவற்றுக்கு வரும் வட்டியை மட்டும் சட்டமே விலக்கி, அதனால் எல்லை குறையாது என்று விளக்கியிருக்கிறது. வாடகைக்கு அப்படி ஒரு விளக்கம் இல்லை. புதுச்சேரியில் கடை நடத்துபவருக்குப் பொருள் விற்பனைக்கும் 20 லட்சமே எல்லை என்பதைக் கடலூர், விழுப்புரம் பக்கத்து வணிகர்கள் அங்கே கிளை திறக்கும் முன் கருத வேண்டும். ஐஸ்கிரீம், பான் மசாலா, புகையிலைப் பொருள்களை விற்பவர்களுக்கும் 40 லட்சம் என்ற சலுகை இல்லை.

மூன்றாவது தவறே அதிகப் பணத்தைத் தின்கிறது: ஆண்டு முடியட்டும், ஆடிட்டர் வருமான வரிக்கு எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது. பதிவுக் கடமை மார்ச் 31 அன்று பிறப்பதில்லை. கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டும் அந்த நாளிலேயே பிறக்கிறது. அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அம்பாசமுத்திரம் போன்ற ஓர் ஊரில் ஒரு மளிகைக் கடை இருப்பதாகக் கொள்வோம். ஏப்ரல் முதல் டிசம்பர் முடிய அதில் சில்லறை அரிசி, பருப்பு, காய்கறி விற்பனை 22,90,000 ரூபாய். எண்ணெய், பிஸ்கட், சோப்பு, சலவைத்தூள் போன்ற வரி உள்ள பொருள்களின் விற்பனை 15,20,000 ரூபாய். கடைக்காரர் இரண்டாவது தொகையை மட்டும் பார்த்து, 40 லட்சத்துக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது என்று நினைக்கிறார். உண்மையான விற்றுமுதலோ 38,10,000 ரூபாய். பொங்கல் வியாபாரம் சூடுபிடிக்க, ஜனவரி 12 இரவு அது 39,91,000 ஆகிறது. போகியோடு சேர்ந்த 13-ஆம் தேதி விற்பனை 24,000 ரூபாய். ஆக, ஜனவரி 13 அன்று 40,15,000. அதுவே அவர் தாண்டிய நாள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் பிப்ரவரி 12.

அவர் பிப்ரவரி 9 அன்று விண்ணப்பித்துப் பிப்ரவரி 16 அன்று சான்றிதழ் பெற்றால், பதிவு ஜனவரி 13 முதலே செல்லும். அந்த நாளிலிருந்து செய்த வரி உள்ள விற்பனைக்கு வரி கட்ட வேண்டும். அதற்கு முந்தைய விற்பனைக்கு வரி இல்லை. ஜனவரி 12 இரவு கடையில் இருந்த வரி உள்ள சரக்குக்கு, வாங்கும்போது அவர் ஏறத்தாழ 24,000 ரூபாய் வரி கொடுத்திருந்தால், அதை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ITC-01 என்ற படிவத்தைச் சான்றிதழ் கிடைத்த 30 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வாங்கிய பில் ஓராண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. பில் இல்லாமல் வாங்கிய சரக்குக்கு எதுவும் கிடைக்காது. இடைப்பட்ட நாட்களில் கொடுத்த சாதாரண ரசீதுகளுக்குப் பதிலாக, சான்றிதழ் வந்த ஒரு மாதத்துக்குள் திருத்திய விலைப்பட்டியல் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது.

அதே கடைக்காரர் ஏப்ரலில்தான் விழித்து, ஏப்ரல் 20 அன்று பதிவு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது பதிவு ஏப்ரல் 20 முதலே செல்லும். வரிக் கடமை மட்டும் ஜனவரி 13-லேயே நிற்கும். இடையில் 5 சதவீதப் பொருள்களை 4,40,000 ரூபாய்க்கும், 18 சதவீதப் பொருள்களை 1,00,000 ரூபாய்க்கும் விற்றிருந்தால், வரி முறையே 22,000, 18,000 என மொத்தம் 40,000 ரூபாய். ஜனவரிச் சரக்கின் 24,000 ரூபாய் வரவு கைநழுவிவிட்டது. வாடிக்கையாளர்களோ பொருளை வாங்கிப் போய்விட்டார்கள்; அவர்களிடம் இனி வரி கேட்க முடியாது. இதன் மேல் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும், பதிவு பெறாமைக்காக 10,000 ரூபாய் அல்லது ஏய்க்கப்பட்ட வரி, இவற்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. மளிகையில் லாப விகிதம் எவ்வளவு மெலிந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இந்தத் தொகையின் கனம் புரியும்.

இதே கடைக்காரர் மாடி அறையைத் தையற்கடைக்கு மாதம் 6,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருந்தால் கணக்கு முற்றிலும் மாறும். அவருக்கு எல்லை 20 லட்சம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 14,000 ரூபாய் விற்பனையில் அதை அவர் ஆகஸ்டு மாதத்திலேயே தாண்டியிருப்பார்.

எல்லையே பொருந்தாத விற்பனையும் உண்டு. வரி உள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு அனுப்பினால், சில கைவினைப் பொருள்களுக்கான தனிச்சலுகை நீங்கலாக, விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து மரச்செக்கு எண்ணெயைப் பெங்களூருக்குக் கூரியரில் அனுப்பும் சிறு உற்பத்தியாளர்கள் பலர் இதை அறியாமலே செய்கிறார்கள். முதல் பார்சலுக்கே பதிவு வேண்டும். இணைய விற்பனைத் தளங்கள் வழியே விற்பவர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் ஒரு தளர்வு உண்டு: தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்று, எல்லைக்குக் கீழே இருப்பவர், ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்றுக்கொண்டால் முழுப் பதிவு இல்லாமலே விற்கலாம்.

யுபிஐ பற்றியும் சொல்ல வேண்டும். 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித்துறை, யுபிஐ வழியே வந்த தொகைகளை வைத்துச் சிறு வணிகர்கள் பலருக்கு அறிவிப்பு அனுப்பியது. அவர்களில் பாலும் காய்கறியும் விற்றவர்களும் இருந்தார்கள். யுபிஐ வரவு என்பது விற்றுமுதல் ஆகாது. கைமாற்று, சீட்டுப் பணம், உறவினர் அனுப்பியது எல்லாம் அதில் கலந்திருக்கும், ரொக்க விற்பனையோ அதில் இருக்காது. ஆனால் எது என்ன வரவு என்று காட்டும் பொறுப்பு வணிகர் மீதே விழுகிறது. கடைக்குத் தனி வங்கிக் கணக்கும் தனி கியூஆர் அட்டையும் வைப்பதும், நாள்வழிக் குறிப்பில் வரி உள்ள விற்பனை, வரியில்லா விற்பனை, இதுவரையிலான கூட்டு என்று மூன்று பத்திகள் ஓட்டுவதும் போதும். 40 லட்சம் எல்லை உள்ளவர் கூட்டு 35 லட்சத்தை நெருங்கும்போதே ஆடிட்டரைப் பார்த்துவிட்டால், பான், ஆதார், வாடகை ஒப்பந்தம் அல்லது சொத்து வரி ரசீது, மின்கட்டண ரசீது ஆகியவற்றைத் திரட்ட அவகாசம் கிடைக்கும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் சில்லறையில் விற்பவர், விண்ணப்பத்திலேயே இணக்க வரித் திட்டத்தைத் தேர்ந்தால், வரி உள்ள விற்பனைக்கு 1 சதவீதம் கட்டினால் போதும். ஆனால் அந்தத் திட்டத்தில் சேர்பவர் சரக்குக்கான வரி வரவை எடுக்க முடியாது. வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவும் கூடாது. கையிருப்புச் சரக்கில் எவ்வளவு வரி அடங்கியிருக்கிறது என்று கூட்டிப் பார்த்த பிறகே இரண்டில் ஒன்றைத் தேர்வது நல்லது.