கடைசி வரியில் சறுக்கும் குறுங்கவிதை

வெண்பா எழுதுபவருக்கு முடிவு பற்றிய கவலை குறைவு. ஈற்றடி முச்சீராகக் குறுகி, நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றில் வந்து நின்றதுமே பாட்டு முடிந்தது என்று காதுக்குத் தெரிந்துவிடும். புதுக்கவிதைக்கு அந்த வசதி இல்லை. இந்த வரைவைப் பாருங்கள்:

வெள்ளவத்தை, தண்டவாளத்து ஓரம்.
அம்மா கடலைப் பார்த்தபடி நிற்கிறாள்.
கையில் மகன் விட்டுப்போன குடை.
அலை கற்களில் உடைகிறது.
மழை தொடங்குகிறது.
அவள் குடையை விரிக்கவில்லை.
காத்திருப்பும் ஒரு கடல்தான்.

பழுது ஏழாவது வரியில். குடை விரியாததிலேயே காத்திருப்பு வந்துவிட்டது. அதற்குப் பெயர் சூட்டியதும் வாசகருக்கு வேலை இல்லாமல் போகிறது. கவியரங்கில் இந்த வரிக்குத்தான் கைதட்டு விழும், இரண்டு தரம் சொல்லவும் சொல்வார்கள்; தாளில் அது செல்லாது. வரியைக் கையால் மறைத்துவிட்டு வாசியுங்கள். எதுவும் குறையவில்லையென்றால் வெட்டிவிடலாம்.

வெட்டிய இடத்தில் "மகன் செத்து மூன்று வருடம்" என்று ஒரு திருப்பத்தை வைப்பவர்களும் உண்டு. முதல் வாசிப்பில் அதிரும். இரண்டாம் வாசிப்பில் குடை, மர்மக்கதையின் துப்புப் போலச் சுருங்கிவிடும். விஷயம் தெரிந்த பிறகும் முன்வரிகள் கனக்கின்றனவா என்பதுதான் திருப்பத்துக்கான சோதனை.

மூன்றாவது தவறு அதிகம் கண்ணில் படுவது: "தூரத்தில் ஒரு காகம்..." என்று மூன்று புள்ளிகளோடு விட்டுவிடுவது. அந்தக் காகத்துக்கும் குடைக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. விடை சொல்லாமல் விடுவது வேறு, வேலையைப் பாதியில் விடுவது வேறு.

கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாட்டு இதைச் சரியாகச் செய்கிறது. "யாரும் இல்லை, தானே கள்வன்" என்று தலைவி தொடங்குகிறாள். தன்னை மறைவில் கூடிய தலைவன் பின்னால் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று கேட்கிறாள். விடை வரவில்லை. வருவது, கூடிய அன்று தினைத்தாள் போன்ற கால்களோடு ஓடுநீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு என்ற நீர்ப்பறவை: "குருகும் உண்டு, தான் மணந்த ஞான்றே." முதல் அடியின் 'இல்லை'க்கு இந்த 'உண்டு' ஈடாக வந்து விழுவதால் பாட்டு மூடிக்கொள்கிறது. ஆனால் இருந்த ஒரே சாட்சியின் கண்ணோ மீனில். அவள் கேள்வி திறந்தே கிடக்கிறது. குருகு ஒட்டவைத்த படிமம் அல்ல. 'யாரும் இல்லை' என்றபோதே அதற்கு இடம் போட்டாயிற்று.

நம் வரைவிலும் மூன்றாம் வரிக் குடை ஆறாம் வரியில் திரும்பி வருகிறது. மூடுவதற்கு அது போதும். ஏன் விரிக்கவில்லை என்பது திறந்தே இருக்கட்டும். "இன்னும் விரிக்கவில்லை" என்று திருத்தத் தோன்றினால் வேண்டாம். 'இன்னும்' வந்தால், கொஞ்ச நேரத்தில் விரித்துவிடுவாள் என்றாகிவிடும்.