சிறிய தகட்டில் தமிழ்ப் பெயர் வெட்டுவது எப்படி? பள்ளிக் கோப்பைக்கான செய்முறை

பள்ளிக் கோப்பைகளின் அடிப்பீடத்தில் ஒட்டுகிற பித்தளைத் தகடு பெரும்பாலும் ஒரு விரல் நீளம்தான் இருக்கும். அதில் தமிழ்ப் பெயரை வெட்டும்போது முதலில் கெட்டுப்போவது எழுத்தின் சுழி. மூன்று சுழி ‘ண’வில் ஒரு சுழி அடைபட்டுவிட்டால் அது ‘ன’ ஆகிவிடும். மேடையில் பரிசு வாங்கும் பிள்ளையின் பெயர் பிழையோடு நிற்கும். அதனால் எழுத்தின் அளவைத் தகட்டின் நீளத்தை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. பெயரில் எந்த எழுத்து மிக நெருக்கமானதோ, அதுவே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்வது 75 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலமுள்ள பித்தளைத் தகடு. கருவி, கையில் பிடிக்கும் மினி டிரில்லும் கூர்முனை வைர பிட்டும். வெட்ட வேண்டியது, ‘சு. கிருஷ்ணவேணி’, அதன் கீழே ‘பேச்சுப் போட்டி - முதல் பரிசு’.

1. உங்கள் பிட் எவ்வளவு தடிமனாக வெட்டுகிறது?

வேண்டாத தகட்டுத் துண்டு ஒன்றில் சில கோடுகள் வெட்டி, கோட்டின் அகலத்தை அளவுகோலால் பாருங்கள். புதிய கையில் அது 0.4 மி.மீ. அளவுக்கு வரலாம். பிறகு அதே துண்டில் ‘ண’வை 5, 4, 3, 2.5 மி.மீ. உயரங்களில் வெட்டுங்கள். சுழிக்கு உள்ளே தெரிகிற வெற்றிடம் கோட்டின் அகலத்துக்காவது சமமாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால், பின்னால் கருப்பு நிரப்பும்போது சுழி ஒரு பொட்டாகிவிடும். 0.4 மி.மீ. கோட்டுக்கு 2.5 மி.மீ. ‘ண’ ஏறக்குறைய அந்த எல்லையில் நிற்கும். கை பழகும் வரை ‘ண’ உள்ள வரியை 4 மி.மீ.க்குக் கீழே இறக்காதீர்கள்.

2. தாளில் எழுதிக் கணக்குப் போடுதல்

எழுத்தின் நடு உடலை மட்டும் 10 மி.மீ. உயரமாக வைத்து, கிராஃப் தாளில் பெயரை எழுதுங்கள். புள்ளியும் ‘ி’யின் வளைவும் அதற்கு மேலே போகும், ‘சு’, ‘ரு’ ஆகியவற்றின் வால் கீழே இறங்கும். நம் பெயர் இப்படி எழுதும்போது சுமார் 135 மி.மீ. நீளம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தகட்டில் இருபுறமும் 5 மி.மீ. விட்டால் மிஞ்சுவது 65 மி.மீ. 65-ஐ 135-ஆல் வகுத்தால் 0.48. ஆக உடல் உயரம் 4.8 மி.மீ. வரை போகலாம். 4.5 மி.மீ. எடுத்துக்கொள்வோம். நீளம் 61 மி.மீ. ஆகும், இரு பக்கமும் தலா 7 மி.மீ. மூச்சுவிட இடம் கிடைக்கும்.

உயரத்தையும் பார்க்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். 4.5 மி.மீ. எழுத்துக்கு மேலே புள்ளிக்கும் வளைவுக்கும் 2 மி.மீ., கீழே வாலுக்கு 2 மி.மீ. என்று மொத்தம் 8.5 மி.மீ. தேவை. கீழ் வரியை 2.5 மி.மீ. எழுத்தில் வைத்தால் அதற்கு ஏறத்தாழ 5 மி.மீ. இரண்டும் சேர்ந்து 13.5. தகட்டின் 20 மி.மீ.யில் மேலும் கீழும் தலா 3 மி.மீ. ஓரம் நிற்கும். ‘பேச்சுப் போட்டி - முதல் பரிசு’ வரியில் ‘ண’, ‘ன’ எதுவும் இல்லை, அதனால்தான் 2.5 மி.மீ.க்குத் துணியலாம். ‘இரண்டாம் பரிசு’ என்றால் அதில் ‘ண்’ இருக்கிறது. அப்போது போட்டியின் பெயரை விட்டுவிட்டு, இரண்டு சொல்லை மட்டும் பெரிதாக வெட்டுவதே என் விருப்பம்.

பெயர் இன்னும் நீளமாக இருந்தால் எழுத்தைச் சிறிதாக்கும் முன் இடைவெளிகளைக் குறையுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: ‘வே’யில் கொம்புக்கும் ‘வ’வுக்கும் உள்ள இடைவெளி, கொம்புக்கும் அதற்கு முந்தைய ‘ண’வுக்கும் உள்ள இடைவெளியைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு ‘ண’வோடு ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும்.

வெட்டும் முன் பெயரைப் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடி ஒருமுறை சரிபாருங்கள். தலைப்பெழுத்து ‘சு’வா ‘சூ’வா என்பதை வாய்மொழியாகக் கேட்டு எழுதாதீர்கள்.

3. தகட்டுக்கு மாற்றுதல்

தகட்டை ஒரு மரக்கட்டையில் டபுள் சைடு டேப்பால் ஒட்டுங்கள். மேலே வெள்ளை போஸ்டர் கலரை மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். சரியான அளவில் எழுதிய தாளைக் கார்பன் பேப்பரோடு வைத்து, கடினமான பென்சிலால் கோட்டின் மேல் ஓட்டுங்கள். அடிக்கோட்டைப் பென்சிலால் மட்டும் போடுங்கள். ஊசியால் கீறினால் அது பித்தளையில் நிரந்தரமாக நின்றுவிடும். எழுத்துகளின் மேல் மட்டும் கூர்முனை ஊசியால் லேசாக ஓட்டிவிட்டால், கை பட்டுக் கார்பன் அழிந்தாலும் வழி தெரியும்.

4. வெட்டுதல்

பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், பித்தளைத் துகள் கண்ணில் தெறிக்கும். டிரில்லைப் பேனா போலப் பிடித்து, சுண்டுவிரலைக் கட்டையில் ஊன்றுங்கள். வளைவு வரும்போது கையைத் திருப்பாமல், இடக்கையால் கட்டையைத் திருப்புங்கள். தமிழ் எழுத்தில் பாதிக்கு மேல் வளைவு என்பதால் இந்தப் பழக்கம் ஒன்றே வேலையைப் பெரிதும் மாற்றிவிடும்.

சுழிகளை முதலில் வெட்டுங்கள், நேர்கோடுகளைப் பின்னால். சுழி சற்றுப் பெரிதாகிவிட்டால் நேர்கோட்டைக் கொஞ்சம் நகர்த்திச் சமாளிக்கலாம். மாறாகச் செய்தால் சுழிக்கு இடம் இருக்காது. முதல் சுற்றில் வெண்பூச்சு கிழிந்து உலோகம் மின்னும் அளவுக்கு மட்டும் வெட்டி, இரண்டாவது, மூன்றாவது சுற்றில் ஆழம் கூட்டுங்கள். புள்ளியைக் கடைசியில், பிட்டைச் செங்குத்தாக இறக்கி ஒரே தொடலில் வையுங்கள். புள்ளி எழுத்தின் தலையைத் தொடக் கூடாது. தொட்டால் ‘ஷ்’, ‘ஷ’வாகப் படிக்கப்படும்.

பிட் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஓடினால் நீங்கள் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். வெட்டாமல் வழுக்கி, கீச்சென்ற சத்தம் வந்தால் பிட்டில் பித்தளை அப்பியிருக்கிறது. டிரில்லை நிறுத்தி, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துவிட்டுத் தொடருங்கள். தேய்ந்த பிட்டை வைத்துச் சமாளிக்காதீர்கள். அது எப்போதும் சுழியில்தான் வழுக்கும்.

5. கருப்பு நிரப்புதல்

வெண்பூச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். பளபளப்பு வார்னிஷ் இல்லாத வெறும் பித்தளை என்றால், நைசான எமரித் தாளை ஈரப்படுத்தி நீளவாக்கில் மட்டும் தேய்த்துப் பிசிறை எடுங்கள். வார்னிஷ் பூசிய தகட்டில் எமரியும் தின்னரும் படக் கூடாது.

கருப்பு எனாமல் பெயின்ட்டை எழுத்துகளின் மேல் தேய்த்து, சற்று இறுகியதும் துடையுங்கள். துணியை வெறுமனே பிடித்துத் துடைத்தால் அது பள்ளத்துக்குள் புகுந்து பெயின்ட்டை எடுத்துவிடும். ஒரு அட்டையில் துணியை இறுகச் சுற்றி, மேற்பரப்பை மட்டும் தொடுமாறு எழுத்துகளுக்குக் குறுக்கே இழுங்கள். ஒரு நாள் காயவிட்டு, சுழிகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். எங்காவது அடைபட்டிருந்தால் ஊசி முனையால் உள்வட்டத்தில் தங்கிய பெயின்ட்டைச் சுரண்டி எடுக்கலாம்.

எழுத்தே பிழையாகிவிட்டால், பின்புறமும் மெருகேறிய தகடாக இருக்கும் பட்சத்தில் திருப்பிப்போட்டு மறுபடி வெட்டலாம். முன்புறம் மட்டும் பூச்சுள்ள தகடு என்றால் புதிது வாங்குவதைத் தவிர வழியில்லை. அதனால் கோப்பைக்கு ஒன்று என்று வாங்காமல் கையிருப்பாக ஓரிரு தகடுகள் கூடுதலாக வாங்கி வையுங்கள்.