ஒரே மாதத்துப் படம்தானே என்று நம்பி ஏமாறுவது: பசுமையை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னிமலைப் பக்கம் ஓர் ஊராட்சி என்று வைத்துக்கொள்வோம். பாதி நிலம் கீழ்பவானி வாய்க்கால் பாசனம். மீதி மேட்டாங்காடும், மேய்ச்சல் நிலமான கொரங்காடும். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே குளம் தூர்வாரி, கரையிலும் புறம்போக்கிலும் மரம் நட்டிருக்கிறார்கள். பசுமை கூடியதா என்று செயற்கைக்கோள் படத்தை வைத்துச் சொல்ல வேண்டும்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் 'முன்' என்று ஒரு படம், 'பின்' என்று ஒரு படம் எடுத்து, இரண்டிலும் பசுமைக் குறியீட்டைக் கணக்கிட்டுக் கழித்துவிடுகிறார்கள். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் இவை B4, B8 பட்டைகள். B8இலிருந்து B4ஐக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் என்டிவிஐ எனும் அந்தக் குறியீடு. கழிப்பது எளிது. எதிலிருந்து எதைக் கழிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

ஆகஸ்ட் படத்தையும் பிப்ரவரி படத்தையும் ஒப்பிடக் கூடாது, மேகம் மூடிய படம் ஆகாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாய்க்கால் முறையைப் பார்க்காமல் மார்ச்சோடு மார்ச்சை ஒப்பிடுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வருகிற தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான், ஏனென்றால் அதைச் செய்கிறவர் கவனமாக இருப்பதாக நினைத்துக்கொண்டே செய்கிறார். இரண்டும் மார்ச் மாதம், இரண்டிலும் மேகமே இல்லை, அப்புறம் என்ன என்பது அவர் வாதம்.

கீழ்பவானி ஆயக்கட்டு ஏறத்தாழ 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். இதற்கு முழுவதும் ஒரே நேரத்தில் தண்ணீர் விடுவதில்லை. மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பாதிக்கு ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரை நன்செய்க்குத் தண்ணீர், மறுபாதிக்கு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை புன்செய்க்குத் தண்ணீர். அடுத்த ஆண்டு இது அப்படியே மாறிவிடும். அணையில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் இந்த ஒழுங்கும் குலையும்.

இதை மார்ச் மாதப் படத்தில் பாருங்கள். நன்செய் முறை வந்த வயலில் நெல் அறுப்பு முடிந்து வெறும் தாள் நிற்கும். அதே மார்ச்சில் புன்செய் முறை வந்த காட்டில் நிலக்கடலையும் எள்ளும் பச்சையாக இருக்கும். நம் ஊராட்சியில் ஒரு மதகின் கீழுள்ள நிலத்துக்கு 2020இல் புன்செய் முறை வந்தது என்று வைத்துக்கொண்டால், முறை பிசகாத பட்சத்தில் 2023இல் அதற்கு நன்செய் முறை. மூன்றாண்டு இடைவெளி, ஒற்றைப்படை. முதல் மார்ச்சில் குறியீடு 0.60, இரண்டாவதில் 0.25 என்று வந்தால் பசுமை பாதிக்குமேல் போய்விட்டது என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். பக்கத்து மதகின் நிலத்தில் இதற்கு நேர்மாறாக வந்திருக்கும். அதை வைத்து அங்கே திட்டம் வெற்றி என்பார்கள். (இந்த எண்கள் கணக்கு விளங்குவதற்காக. உங்கள் ஊர் எண் வேறாக இருக்கும்.) நிலத்தில் ஒரு மரம்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்தத் தவறு நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வித்தியாசப் படத்தில் கூடியதும் குறைந்ததும் எந்த வடிவத்தில் விழுகின்றன என்று பாருங்கள். நேர்க்கோட்டு எல்லையோடு, கிளை வாய்க்காலை ஒட்டி, பாத்தி பிரித்ததுபோல் ஒரு பட்டை சிவப்பு, அடுத்த பட்டை பச்சை என்று வந்தால் அது தண்ணீர் முறை. மரம் வளர்ந்தால் வரப்பிலும் குளக்கரையிலும் சிறு சிறு திட்டாக, ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சமாகக் கூடும். கிணறும் ஆழ்துளையும் உள்ள தோட்டங்கள் நடுவே இருந்தால் பட்டை சற்று மங்கும். ஆனாலும் தெரியும்.

சரிசெய்யும் வழி நீங்கள் எதை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மரம்தான் கேள்வி என்றால் ஆயக்கட்டு நிலத்தை எல்லை வரைந்து கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். புறம்போக்கு, குளக்கரை, கொரங்காடு ஆகியவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். ஆயக்கட்டும் வேண்டும் என்றால் ஓராண்டுக்கு ஓராண்டு வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் சராசரியை இன்னொரு இரண்டு ஆண்டுகளின் சராசரியோடு வையுங்கள். இரண்டு முறையும் அதில் அடங்கிவிடும். அதற்கு முன் நீர்வளத் துறையின் தண்ணீர் திறப்பு அறிவிப்பைத் தேடிப் பார்த்து, அந்தந்த ஆண்டு எந்த மதகுக்கு எந்த முறை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள்களிலேயே கிடைக்கும்.

பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்திலும் இதே பொறி இருக்கிறது. அங்கே நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். உடுமலை, பல்லடம், காங்கயம் பக்கம் வேலை செய்கிறவர்கள் மண்டல எல்லை தெரியாமல் தொடங்கவே கூடாது.

வறட்சி ஆண்டை 'முன்' ஆக வைப்பது

வாய்க்கால் எட்டாத மானாவாரி நிலத்துக்கு மழைதான் கணக்கு. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. 2021இல் அதே பருவமழை வழக்கத்தைவிட மிக அதிகம். 2017 தொடக்கத்துப் படத்தை 'முன்' ஆகவும் 2022 தொடக்கத்துப் படத்தை 'பின்' ஆகவும் வைத்தால் எந்த ஊரை எடுத்தாலும் பசுமை கூடியிருக்கும். திட்டம் எதுவும் நடக்காத ஊரிலும்.

அக்டோபர் முதல் படம் எடுத்த நாள் வரையிலான மொத்த மழையைக் கூட்டி, ஏறக்குறைய சமமாக வரும் ஆண்டுகளை இணை சேருங்கள். அது போதாது. பக்கத்திலேயே அதே மண், அதே மானாவாரி, ஆனால் எந்த வேலையும் நடக்காத ஓர் இடத்தையும் சேர்த்து அளவெடுங்கள். நம் ஊரில் குறியீடு 0.08 கூடி, அந்த இடத்தில் 0.07 கூடியிருந்தால் உங்கள் பங்குக்கு மிஞ்சுவது 0.01. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

மரத்துக்கு ஏற்ற காலம் பிப்ரவரி பின்பாதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. மானாவாரிச் சோளம் அறுத்து, கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல் காய்ந்திருக்கும். பச்சையாக மிஞ்சுவதில் பெரும்பங்கு மரமும் புதரும் தண்ணீர் பாயும் நிலமும்தான். ஏப்ரலில் கோடை மழை விழுந்துவிட்டால் புல் துளிர்த்து இந்த வாய்ப்பு போய்விடும். வேம்பும் புங்கனும் இந்தக் காலத்தில்தான் இலை உதிர்த்துத் துளிர்க்கின்றன. ஆகவே ஓர் ஆண்டில் கிடைத்த தெளிந்த படங்கள் எல்லாம் பிப்ரவரி, இன்னோர் ஆண்டில் எல்லாம் மார்ச் கடைசி என்று அமைந்தால் அதுவே ஒரு பொய் வித்தியாசத்தைக் கொடுக்கும். நாள்களைப் பட்டியலிட்டுப் பார்த்த பிறகே இடைமதிப்பு எடுங்கள்.

மேக விழுக்காட்டை நம்புவது

படத்தோடு வரும் மேக விழுக்காடு சுமார் 110 கிலோமீட்டர் சதுரம் முழுவதற்கும் ஆனது. பத்து விழுக்காடு மேகம் என்று போட்டிருக்கும், அந்தப் பத்தும் உங்கள் ஊரின் மேலேயே இருக்கலாம். எண்பது விழுக்காடு என்று ஒதுக்கிய படத்தில் உங்கள் ஊர் தெளிவாக இருக்கலாம். படத்தை மொத்தமாக ஒதுக்காமல் ஒவ்வொரு படப்புள்ளியாக வடிகட்டுங்கள்.

மேகத்தைவிட அதன் நிழலும், கண்ணுக்கே தெரியாத மெல்லிய மேகமும்தான் தொல்லை. இரண்டும் குறியீட்டைக் கெடுத்துவிடும், படமோ பார்வைக்கு நன்றாகவே இருக்கும். சென்டினல்-2 நம் பக்கம் காலை பத்தரை மணி வாக்கில் கடக்கிறது. குளிர்காலத்தில் அப்போது சூரியன் தென்கிழக்கில் இருப்பதால் நிழல் மேகத்துக்கு வடமேற்கே விழும். சந்தேகம் வந்தால் அந்தத் திசையில் தேடுங்கள். இன்னொன்று: படத்தோடு வரும் SCL வகைப்பாடு பளபளக்கும் தகரக் கூரையை மேகம் என்று எடுத்துக்கொள்வதுண்டு. திருப்பூர் ஓரத்து ஊர்களில் ஒரே கட்டடம் எல்லா நாளும் 'மேகமாக' இருந்தால் அது கூரை.

கூகுள் எர்த் எஞ்சினில் ஊர் எல்லையை area என்ற பெயரில் வரைந்துகொண்டால் இவ்வளவு போதும்:

```
var nd = ee.ImageCollection('COPERNICUS/S2_SR_HARMONIZED')
  .filterBounds(area)
  .filterDate('2023-02-20', '2023-04-06')
  .map(function(i) {
    var s = i.select('SCL');
    var ok = s.neq(3).and(s.neq(8))
      .and(s.neq(9)).and(s.neq(10));
    return i.updateMask(ok)
      .normalizedDifference(['B8', 'B4']);
  });
var mid = nd.median();
var n = nd.count();
```

3 என்பது நிழல், 8, 9 மேகம், 10 மெல்லிய மேகம். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை தெளிந்த படங்கள் கிடைத்தன என்று அது சொல்லும். மூன்றுக்குக் குறைவான இடங்களை ஒப்பீட்டிலிருந்து நீக்கிவிடுங்கள்.

2022 ஜனவரி 25

அந்த நாளிலிருந்து சென்டினல்-2 கோப்புகளில் எல்லா எண்களோடும் 1000 கூட்டித் தருகிறார்கள். கழிக்காமல் கணக்கிட்டால் என்ன ஆகும்? சிவப்பு 500, அகச்சிவப்பு 3500 என்றால் குறியீடு 3000 வகுத்தல் 4000, அதாவது 0.75. ஆயிரம் கூடிய பின் 1500, 4500. மேலே அதே 3000, கீழே 6000. விடை 0.50. ஒரு தென்னந்தோப்பு ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு பசுமையை இழந்துவிடும், அதுவும் கணினியில் மட்டும். மேலே உள்ள நிரலில் HARMONIZED என்ற தொகுப்பை எடுத்தது இதற்காகத்தான், அதில் இந்த 1000 ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும். கோப்பை நேரடியாக இறக்கிப் பயன்படுத்துகிறவர்கள் 1000 கூட்டித் தந்த படங்களில் அதைக் கழித்த பிறகே தொடங்க வேண்டும்.

லேண்ட்சாட் 'முன்', சென்டினல் 'பின்'

வேண்டாம். புள்ளியின் அளவு 30 மீட்டர் ஒன்று, 10 மீட்டர் ஒன்று. பட்டைகளும் சற்று வேறு.

கூகுள் எர்த் பழைய படங்கள்

நிறம் படத்துக்குப் படம் மாற்றப்பட்டிருக்கும். நின்ற மரத்தை எண்ணலாம், குறியீட்டுக்கு உதவாது.

0.4க்கு மேல் எல்லாம் மரம்

மார்ச் மாத நிலக்கடலைக் காடு அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஓராண்டு முழுக்க அந்தப் புள்ளியின் கோட்டை வரைந்து பாருங்கள்: தென்னை ஏறாமல் இறங்காமல் போகும், கடலை ஒரு மேடு ஏறி இறங்கும். சீமைக் கருவேலமும் தென்னை போலவே நிலையாக நிற்கும் என்பதால், குளத்துக்குள் கூடிய பசுமையை வெற்றிக் கணக்கில் சேர்க்கும் முன் அங்கே நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும்.