பழைய ஃப்ரிட்ஜ்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

எங்கள் வீட்டு டபுள் டோர் ஃப்ரிட்ஜுக்கு 11 வயது. மேலே ஃப்ரீசரில் ஐஸ் கல்லாக இருக்கும், கீழே வைத்த பால் மறுநாளே திரிந்துவிடும். கம்ப்ரசர் போய்விட்டது, புதிது வாங்கிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அவசரப்படாமல் ஒரு சோதனை செய்தேன். பொருட்களை எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்தே ஒரு நாள் முழுக்க வைத்தேன். கீழே தண்ணீர் வடியும், பழைய துணியைப் போட்டுவையுங்கள். திரும்பப் போட்டதும் நன்றாகக் குளிர்ந்தது. ஒரு வாரத்தில் மறுபடி அதே கதை. அப்படியென்றால் கம்ப்ரசரும் கேஸும் சரியாகத்தான் இருக்கின்றன. ஃப்ரீசருக்குப் பின்னாலுள்ள காயிலில் பனி கெட்டியாகப் படிந்து, குளிர்காற்று கீழே வரும் வழியை அடைத்துவிடுகிறது. பெரும்பாலும் பனியை உருக்கும் ஹீட்டரோ அதன் சென்சாரோ கெட்டிருக்கும். இது சின்னச் செலவு, தாராளமாகப் பழுது பார்க்கலாம். எங்களுக்கு ஹீட்டரை மாற்றியதோடு சரியானது.

ஆனால் மேலும் கீழும் குளிராமல், கம்ப்ரசர் நிற்காமல் ஓடி, வெளிப்பக்கம் வழக்கமாகச் சூடாகும் இடம் சூடே ஆகவில்லையென்றால், பெரும்பாலும் கேஸ் கசிந்திருக்கும். மெக்கானிக்கிடம் "கசிவு எங்கே?" என்று முதலில் கேளுங்கள். கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் அதுவும் போய்விடும். பின்பக்கக் குழாயில் என்றால் பற்றவைக்கலாம். சுவருக்குள் ஃபோமில் புதைந்த குழாயில் என்றால், பத்து வயதைத் தாண்டிய ஃப்ரிட்ஜை மாற்றிவிடுவதே நல்லது.