வேகன் எண்ணில் ஒரு இலக்கம் தெரியாவிட்டால்

அத்திப்பட்டு பக்கம் ஒரு சரக்கு ரயிலைப் படமெடுத்துவிட்டு, அது நிலக்கரி அள்ளும் திறந்த பாக்ஸ்என் வேகனா, அடியில் கதவு திறந்து கொட்டும் ஹாப்பரா என்று ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். ஹாப்பர் என்றால் பெட்டியின் இரு முனைகளும் சக்கரத்துக்கு மேலே உள்நோக்கிச் சரியும், பாக்ஸ்என் நேராக இறங்கும். ஆனால் என் படத்தில் பாதி வேகனைக் காம்பவுண்டு சுவர் மறைத்துவிட்டது. மிஞ்சியது பக்கவாட்டில் எழுதியிருந்த எண்தான், அதிலும் முதல் இலக்கம் 1-ஆ 7-ஆ என்று புரியவில்லை. அந்த ஒன்றில்தான் விஷயமே இருக்கிறது!

வேகன் எண்ணில் 11 இலக்கங்கள். முதல் இரண்டு வகையைச் சொல்லும்: 10 முதல் 29 வரை திறந்தவை, 30-39 மூடியவை, 40-54 டேங்கர், 55-69 தட்டையானவை, 70-79 ஹாப்பர். அடுத்த இரண்டு எந்த ரயில்வேயுடையது என்பது, அதற்கடுத்த இரண்டு கட்டிய ஆண்டு, பிறகு நான்கு வரிசை எண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. நான் தடுமாறியது இங்கேதான், அதையும் வரிசை எண்ணோடு சேர்த்துப் படித்துவிட்டேன்.

என் படத்தில் இருந்தது இதே போன்ற ஒரு எண்:

```
? 2 0 6 1 3 4 5 8 2 6
```

இரட்டைப்படை இடங்களில் (2, 4, 6, 8, 10) இருப்பவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். ஒற்றைப்படை இடங்களில் இருப்பவற்றை, கடைசி இலக்கத்தையும் சேர்த்து, அப்படியே கூட்டுங்கள். இரண்டும் சேர்ந்து பத்தின் மடங்காக வர வேண்டும்.

```
(2+6+3+5+2) × 3 = 54
?+0+1+4+8+6 = 19 + ?
54 + 19 + ? = 73 + ?
```

7 போட்டால் 80, சரி. 1 போட்டால் 74, உதைக்கிறது. ஆக, ஹாப்பர். ஒரு இலக்கம் மங்கினால்தான் இது கைகொடுக்கும். இரண்டு போய்விட்டால் பல விடைகள் வரும். அப்போது அதே ரேக்கில் பக்கத்து வேகனைப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே வகைதான் கோத்திருப்பார்கள்.

படம் எடுக்கும்போது வீடியோவை நம்பாதீர்கள், ஃப்ரேமை நிறுத்திப் பார்த்தால் எண் இழுபட்டுத்தான் இருக்கும். நல்ல வெயிலில், வேகனுக்கு நேர் எதிரே, தண்டவாளத்தை விட்டுத் தள்ளி நின்று, 1/1000 நொடி வேகத்தில் தொடர் படங்களாக எடுங்கள்.

பின்சேர்க்கை: பயணிகள் பெட்டிக்கும் இதே கணக்கா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இல்லை, அதன் எண்முறையே வேறு. அது பழைய வடிவமைப்பான ஐசிஎஃபா, புதிய வடிவமைப்பான எல்எச்பியா என்று நிறத்தை வைத்தும் முடிவு செய்யாதீர்கள், ஐசிஎஃப் பெட்டிகளுக்கே நீலம் போய் வேறு பூச்சு வந்திருக்கிறது. எண்ணருகே எழுதியிருக்கும் குறியீடு எல் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அது எல்எச்பி. அதுவும் தெரியாவிட்டால் பெட்டியின் முனையைப் பாருங்கள்: இரு பக்கமும் வட்டமான பஃபர் துருத்திக்கொண்டிருந்தால் ஐசிஎஃப், நடுவில் பெட்டிகளை இணைக்கும் கப்ளர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் எல்எச்பி. இன்னொன்று, ஜன்னலெல்லாம் அடைத்த பயணிகள் பெட்டி மாதிரி ஒரு ரேக் முழுக்க வந்தால் குழம்ப வேண்டாம். அவை கார் ஏற்றிச் செல்ல மாற்றிய பழைய ஐசிஎஃப் பெட்டிகள், என்எம்ஜி என்பார்கள்.