யுபிஐ பணம் ‘Pending’ என்று நின்றால்: புதுச்சேரிக்கு வருவோர் அறிய வேண்டியது

சென்ற ஆண்டு பிரான்சிலிருந்து வந்திருந்த என் அக்கா, ஒரு சனிக்கிழமை மாலை நேரு வீதியில் உள்ள ஒரு துணிக்கடையில் 4,850 ரூபாய்க்குச் சேலைகள் எடுத்துவிட்டு, வெளிநாடுவாழ் இந்தியருக்கான தம் என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கிலிருந்து கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பணம் செலுத்தினார். கணக்கில் பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. ஆனால் செயலியில் ‘Pending’ என்றே நின்றது, கடையின் ஸ்பீக்கரும் பேசவில்லை. செவ்வாய் இரவு அவருக்குச் சென்னையிலிருந்து விமானம். அதற்குள் பணம் திரும்புமா என்பதே அவருடைய கவலை.

யுபிஐயில் பணம் ஒரே அடியில் நகர்வதில்லை. முதலில் நம் வங்கி நம் கணக்கில் கழிக்கிறது, பிறகு என்.பி.சி.ஐ. என்னும் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் வழியாக, பெறுபவரின் வங்கிக்கு அவர் கணக்கில் வரவு வைக்கும்படி செய்தி போகிறது. அந்த வங்கியின் கணினி குறித்த நேரத்துக்குள் ‘வரவு வைத்தேன்’ என்றோ ‘முடியவில்லை’ என்றோ பதில் தராவிட்டால், வெற்றி என்றும் தோல்வி என்றும் சொல்ல இயலாமல் செயலி ‘Pending’ அல்லது ‘Processing’ என்று காட்டுகிறது. ஆகவே ‘Pending’ என்பதற்குப் பணம் தொலைந்தது என்று பொருளில்லை. பெறும் பக்கத்துக் கணக்கு இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்பதே பொருள். சரிபார்த்த பின் ஒன்று கடைக்காரருக்கு வரவாகும், இல்லையேல் நமக்குத் திரும்பும்.

எத்தனை நாளில் திரும்பும் என்பதை ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை வரையறுத்திருக்கிறது. இதில் தனிநபருக்கு அனுப்பியதும் கடைக்குச் செலுத்தியதும் வேறுவேறு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் மாமாவின் கணக்குக்கு அனுப்பிய பணம் அவருக்கு வரவாகவில்லை என்றால், அனுப்பிய நாளுக்கு மறுநாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தி, உறுதிச்செய்தி கடைக்கு வராமல் போனால், ஐந்து நாள் வரை அவகாசம் உண்டு. இவை நாட்காட்டி நாட்கள் என்பதால் ஞாயிறும் பொங்கல் விடுமுறையும் கணக்கில் சேரும். கெடு தாண்டினால், நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீட்டை, நாம் கேட்காமலே வங்கி வரவு வைக்க வேண்டும்.

அக்காவின் விஷயத்தில் சனி தொடக்க நாள். வியாழன் கடைசிக் கெடு. அதாவது விமானம் புறப்பட்ட பிறகும் இரண்டு நாள் மிச்சம். இதில் அஞ்ச வேண்டியது எதுவுமில்லை, ஏனெனில் பணம் கழிந்த அதே கணக்குக்கே திரும்புகிறது. நாம் எந்த நாட்டில் இருந்தாலும், இந்திய சிம் அணைந்திருந்தாலும் அது மாறாது. சிம் அணைந்திருந்தால் குறுஞ்செய்தி மட்டும் வராது. எனவே செய்திக்குக் காத்திராமல், இணைய வங்கிச் சேவையில் கணக்கின் வரவு செலவுப் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். அக்காவுக்குப் புதன்கிழமையே பணம் வந்திருந்ததை அவர் பாரீசில் அப்படித்தான் கண்டார்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இரண்டாம் முறை பணம் செலுத்துவதைப் பற்றி. கடைக்காரர் ‘வரலீங்க, இன்னொரு தரம் போடுங்க’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் முதல் பணம் சற்று நேரத்திலோ மறுநாளோ அவருக்கு வரவாகிவிட்டால், அது தோல்வியுற்ற பரிவர்த்தனை ஆகாது. மேற்சொன்ன கெடுவும் இழப்பீடும் பொருந்தா. கடைக்காரர் மனம் வைத்துத் திருப்பித் தந்தால்தான் உண்டு. அக்கா ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, செயலியில் தெரிந்த 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கடை பில்லில் எழுதி, ‘முதல் பணம் வந்தால் திருப்பித் தரப்படும்’ என்று குறிப்பும் கடையின் தொலைபேசி எண்ணும் வாங்கிக்கொண்டார். இரண்டு நிமிட வேலைதான். ஊரை விட்டுப் போகிறவருக்கு அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை.

கெடு முடிந்தும் பணம் வராவிட்டால், செயலியில் அந்தக் குறிப்பிட்ட பரிவர்த்தனையைத் திறந்து அதன் கீழேயே புகார் பதிய வேண்டும். பிறகு அதே 12 இலக்க எண்ணுடன் உங்கள் வங்கிக்கு எழுத்து மூலம் எழுதுங்கள். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் வெளிநாட்டிலிருந்தே முறையிடலாம்.

புகார் எண்ணை இணையத்தில் தேடி அழைக்காதீர்கள். போலி எண்கள் அங்கே நிறைய உள்ளன. பணம் திரும்புவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. ‘ரீஃபண்ட்’ தருகிறேன் என்று சொல்லிப் பின் எண்ணை அழுத்தச் சொல்பவர் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கத்தான் பார்க்கிறார்; அந்த அழைப்பை உடனே துண்டித்துவிடுங்கள்.